மெயில் தொடர் வந்தது, அனுப்பியவர் எந்தப் பக்கம் என்று வரவில்லை

"சார், ஒரு மெயில் தொடரைக் கீழே அப்படியே ஒட்டியிருக்கிறேன். பெயர்களையும் மெயில் ஐடிகளையும் எடுத்துவிட்டேன். ஃபினிஷ்ட் லெதர் சப்ளை விஷயம், மார்ச்சிலிருந்து இழுத்துக்கொண்டே போகிறது. கொஞ்சம் நீளம்தான், முழுக்கப் படியுங்கள். சட்டப்படி யார் பக்கம் நியாயம், எவ்வளவு பணம் நிற்கும், அடுத்து என்ன மெயில் போடலாம், மூன்றையும் சொல்லுங்கள். ஊர், பெயர் போட வேண்டாம்."
– வேலூர் மாவட்ட வாசகர்

முழுக்கப் படித்தேன். 34 மெயில், இரண்டு ராத்திரி பிடித்தது. பேர்ணாம்பட்டுப் பக்கம் லெதர் போட்டவர் ஒருவர், ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் கம்பெனி ஒன்று, நடுவில் கமிஷன் ஏஜென்ட் ஒருவர் என்பது புரிகிறது. இந்த மூவரில் நீங்கள் யார் என்பது மட்டும் புரியவில்லை. "பணம் நிற்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது வரவேண்டிய பணமா, தரவேண்டிய பணமா?

தொடரே சொல்லிவிடும் என்று முதலில் நினைத்தேன். அடிமட்டத்தில் ஏஜென்ட் சப்ளையருக்கு எழுதிய மெயில் இருக்கிறது. "பாய், இது உங்களுக்கு மட்டும்" என்று ஆரம்பிக்கிறது. அப்படியானால் நீங்கள் சப்ளையர் என்று வைத்துக்கொண்டேன். 21-வது மெயிலில் ஆம்பூர் கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் ஆள் தன் முதலாளிக்கு எழுதியது வருகிறது: "அவங்களுக்கு இப்ப பதில் போட வேணாம், ஃபாரின் பார்ட்டி பணம் வரட்டும்." இது அந்த கம்பெனிக்கு வெளியே யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. அப்படியானால் நீங்கள் வாங்கியவர். இரண்டையும் ஒருவரே கையில் வைத்திருக்க வேண்டுமென்றால், யாரோ பழைய மெயில்களை வெட்டாமலே ஃபார்வர்ட் செய்திருக்க வேண்டும். அல்லது இரண்டு பக்கமும் நம்பிப் பேசிய அந்த ஏஜென்ட்தான் நீங்கள்.

யாராக இருந்தாலும் பதில் ஒன்றுதானே என்று கேட்கலாம். சட்டம் ஒன்றுதான், ஆலோசனை அப்படியல்ல. இதே தொடரில் ஒரு பக்கத்துக்கு ஆயுதமாக இருக்கும் வரி, மறு பக்கத்துக்கு மூடி வைக்க வேண்டிய காயம். அதை எப்படி உபயோகிப்பது என்று இருவருக்கும் நானே சொல்லித் தர முடியாது. வருஷங்களுக்கு முன் சத்துவாச்சாரி கோர்ட் வாசலில் ஒருவர் ஒரு கட்டுக் கடிதத்தை நீட்டி "சும்மா ஒரு ஒப்பீனியன் சார்" என்றார். டீ குடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசிவிட்டேன். அவர் என் கட்சிக்காரருடைய எதிராளியின் மச்சான் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அந்த வழக்கை விட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து, யார் கேட்கிறார் என்று தெரியாவிட்டால், எதிர்ப்பக்கத்து ஆள் படித்தாலும் குறை சொல்ல முடியாததை மட்டும்தான் எழுதுவேன். கீழே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தேதிகள்

தொடரில் 34 மெயில் இருந்தாலும் வழக்கு ஐந்து தேதிகளில் அடங்கிவிடும். மெயில்கள் பாதி ஆங்கிலம், பாதி தங்கிலீஷ். நான் தமிழில் தருகிறேன்.

மார்ச் 4-ல் முதல் லாட், 2,400 சதுர அடி. மார்ச் 19-ல் இரண்டாவது லாட், 4,000 சதுர அடி. விலை அடிக்கு 118 ரூபாய். ஜி.எஸ்.டி.யைத் தள்ளிவிட்டால் மொத்தம் 7,55,200. மார்ச் 27-ல் வாங்கியவர் எழுதுகிறார்: "ரெண்டாவது லாட் கலர் கொஞ்சம் டல், அடுத்த லாட்ல பாத்துக்குங்க." ஏப்ரல் 11-ல்தான் பெரிய மெயில் வருகிறது: "லாஸ்டிங்ல கிரெய்ன் வெடிக்குது, 640 ஜோடி ரிஜெக்ட்." அதாவது அச்சில் ஏற்றி இழுக்கும்போது தோலின் மேற்பரப்பு வெடிக்கிறது. மே 20-ல் 3,10,000-ஐக் கழித்துக்கொள்வதாக டெபிட் நோட் இணைத்து, "மீதி 4,45,200 தரணும்னு தெரியும், பார்ட்டி பணம் வந்ததும் தர்றோம்" என்கிறார்.

ஏப்ரல் 11 மெயில் லாட் 2 இறங்கி 23 நாள் கழித்து வந்தது. அதற்குள் அந்த லாட்டில் 3,100 அடி கட்டிங் ஆகிவிட்டது என்று அதே மெயில் சொல்கிறது. 900 அடி வெட்டாமல் கிடக்கிறது. இந்த 900 அடியைப் பற்றி அதற்குப் பிறகு யாருமே பேசவில்லை. நான் கடைசியில் அதற்கு வருகிறேன்.

1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இங்கே இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. விற்றவருக்குச் சொந்தம் என்ற நிலைக்கு ஒவ்வாத காரியத்தை வாங்கியவர் அந்தச் சரக்கின் மேல் செய்துவிட்டால், ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். தோலில் கத்தி விழுவதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. ஆகவே வெட்டிய 3,100 அடியை "ரிஜெக்ட் பண்ணிட்டோம், எடுத்துட்டுப் போங்க" என்று சொல்ல வழியில்லை. தொடரில் நான்கு மெயிலில் ரிஜெக்ட் என்ற வார்த்தை வருகிறது. எத்தனை முறை எழுதினாலும் அது ரிஜெக்ஷன் ஆகாது.

இரண்டாவது விஷயத்தை விற்றவர் பக்கம் அடிக்கடி மறக்கிறது. ஏற்றுக்கொண்டதால் புகார் செத்துவிடுவதில்லை. சரக்கில் குறை இருந்தது என்று நிரூபித்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், நஷ்ட ஈடும் கேட்கலாம். "ஸ்வாட்ச் பாத்து ஓகே பண்ணது நீங்கதானே" என்று சப்ளையர் தரப்பு மூன்று மெயிலில் கேட்கிறது. சாம்பிள் காட்டி விற்றாலும், சாம்பிளை நியாயமாகப் பார்த்தால் தெரியாத குறை சரக்கில் இருக்கக்கூடாது என்பது சட்டம். கிரெய்ன் வெடிப்பு கையில் தடவிப் பார்த்துத் தெரிகிற குறை அல்ல. அச்சில் ஏற்றி இழுக்கும்போதுதான் தெரியும்.

15 நாள் கணக்கு

தொடரில் எல்லோரும் "60 டேஸ் கிரெடிட்" என்றே பேசுகிறார்கள். விற்றவர் தயாரிப்பாளராகவும், சரக்கு போவதற்கு முன்பே உத்யம் பதிவு உள்ள குறு அல்லது சிறு நிறுவனமாகவும் இருந்தால், அந்த 60 நாள் செல்லாது. 2006-ம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுதி ஒப்புக்கொண்டிருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. ஏற்ற நாள் எது என்பதற்கும் அதே சட்டத்தில் விதி இருக்கிறது: டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை வராவிட்டால் டெலிவரி நாளே ஏற்ற நாள். முதல் லாட்டுக்கு ஏப்ரல் 18, இரண்டாவதற்கு மே 3. அதற்குப் பிறகு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் அசலோடு சேர்ந்து ஏறும். விகிதம் 6 சதவீதம் என்று வைத்தால் வட்டி 18 சதவீதம். விற்றவர் தோலை வாங்கி விற்கும் வியாபாரி மட்டும்தான் என்றால் உத்யம் நம்பர் இருந்தும் இந்த வட்டி கிடைக்காது. வியாபாரிகளுக்கு அந்தப் பதிவு வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான்.

அப்படியானால் மார்ச் 27 மெயில் 15 நாளுக்குள் வந்த எழுத்து ஆட்சேபணைதானே? டெலிவரி ஆகி எட்டாவது நாள் போட்டது. வாங்கியவரின் வக்கீல் இதைத்தான் முதலில் எடுத்து வைப்பார். எனக்கு இது நிற்கும் என்று தோன்றவில்லை. "அடுத்த லாட்ல பாத்துக்குங்க" என்றால் இந்த லாட்டை வைத்துக்கொள்கிறோம் என்றுதான் பொருள். அது கலரைப் பற்றியது. பிறகு எழுந்த புகார் வெடிப்பைப் பற்றியது. ஆனால் அதையே விற்றவர் "15 நாள் தாண்டிவிட்டது, இனி வாயைத் திறக்கக்கூடாது" என்று படிப்பதும் தவறு. 15 நாள் விதி பணம் தர வேண்டிய தேதியைத்தான் நிர்ணயிக்கிறது. குறை இருந்ததா என்ற கேள்வியை அது மூடிவிடுவதில்லை. எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி நிலுவைத் தகராறுகளை விசாரிக்கும் ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போய் விஷயம் நடுவர் தீர்ப்பு வரை போனால், வாங்கியவரும் அங்கே எதிர்க் கோரிக்கை வைக்கலாம்.

ஒரே மெயில், இரண்டு வடிவம்

இந்தத் தொடரில் எனக்குத் தூக்கம் போனது இந்த இடத்தில்தான். ஏப்ரல் 16-ல் சப்ளையர் போட்ட பதில் இரண்டு இடத்தில் வருகிறது. 14-வது மெயிலாக வரும்போது அதில் இருப்பது: "சாம்பிள் டெஸ்ட் பண்ணி, தப்பு எங்க பக்கம்னா அட்ஜஸ்ட் பண்ணித் தர்றோம்." அதே மெயில் 26-வது மெயிலுக்கு அடியில் மேற்கோளாக வரும்போது: "அட்ஜஸ்ட் பண்ணித் தர்றோம்." தேதி, நேரம் எல்லாம் ஒன்றுதான். முன்னால் இருந்த ஆறு வார்த்தை காணோம்.

மெயிலுக்குப் பதில் போடும்போது கீழே வரும் பழைய மெயில் வெறும் எழுத்துதான். யார் வேண்டுமானாலும் அதில் கை வைக்கலாம். இடப்பக்கக் கோடு அப்படியே இருக்கும், பார்ப்பவருக்கு அசல் போலவே தெரியும். ஒருவர் வேண்டுமென்றே வெட்டினாரா, நீளமாக இருக்கிறதென்று சுருக்கினாரா, பெயர்களை எடுக்கும்போது நீங்களே தவறுதலாக அழித்தீர்களா? ஒட்டிய தொடரை வைத்து இதைச் சொல்லவே முடியாது. முதல் வடிவம் அசல் என்றால் சப்ளையர் நிபந்தனையோடுதான் பேசியிருக்கிறார். இரண்டாவதுதான் அசல் என்றால் குறையை ஒப்புக்கொண்டதற்குப் பக்கத்தில் போய்விடுகிறார். வழக்கின் எடையே இங்கே மாறுகிறது.

ஆகவே நீங்கள் யாராக இருந்தாலும் முதல் வேலை இது. உங்கள் கணக்கில் வந்த, உங்கள் கணக்கிலிருந்து போன அசல் மெயில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறக்கி வையுங்கள். ஜிமெயில் என்றால் கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, Download message. அது .eml என்று முடியும் கோப்பாக இறங்கும். எந்த சர்வர் வழியாக, எந்த நேரத்தில் வந்தது என்பதெல்லாம் அதற்குள் இருக்கும். பிரிண்ட் அவுட்டும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டும் அதற்கு ஈடாகாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தைக் கொடுக்கும்போது அதோடு ஒரு சான்றிதழும் கேட்கிறது. அதில் ஒரு பாகத்தை மெயிலை வைத்திருப்பவரும் மறு பாகத்தை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹேஷ் எண்ணையும் அதில் எழுத வேண்டும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் அந்த எண்ணை எடுப்பது ஒரு வரி வேலை:

```
certutil -hashfile mail14.eml SHA256
```

கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் இந்த எண் முழுக்க மாறிவிடும். இன்றே எடுத்துத் தேதி போட்டு வைத்தால், நாளை "நடுவில் திருத்தினீர்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. 14-வது மெயில் உங்கள் இன்பாக்ஸிலோ சென்ட் பாக்ஸிலோ இல்லை என்றால், அதுவும் எனக்குத் தேவையான ஒரு பதில்தான்.

21-வது மெயில், அந்த அக்கவுன்ட்ஸ் ஆள் எழுதியது, உங்களிடம் எப்படி வந்தது? பதில் போடும்போது அடியில் ஒட்டிக்கொண்டு தானாக வந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வந்த வழி சரியில்லை என்பதற்காக மட்டும் நம் நீதிமன்றங்கள் ஒரு ஆவணத்தைத் தூக்கி எறிவதில்லை. ஆனால் யாருடைய பாஸ்வேர்டையோ போட்டு எடுத்திருந்தால் அது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தனிக் குற்றம், ஜெயில் வரை போகும். அந்த கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே அனுப்புகிறீர்கள் என்றால் இதை எனக்கு அனுப்பியதே உங்கள் வேலைக்கு ஆபத்து. அப்படியென்றால் உங்கள் கேள்வியே வேறு; அதைத் தனியாக எழுதுங்கள்.

பணம் எவ்வளவு

தொடரில் சண்டை 7,55,200-க்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் நடப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அப்படியில்லை. மே 20 மெயிலில் வாங்கியவரே 4,45,200 தரவேண்டும் என்று எழுதிவிட்டார். சண்டை 3,10,000-க்கு மட்டும்தான். இதை விற்றவர் கவனித்ததாகவே தெரியவில்லை. அதற்குப் பிறகும் பத்து மெயிலில் முழுத் தொகையையே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மே 20 மெயிலின் அடியில் ஆங்கிலத்தில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்ற வரி இருக்கிறது. பார்த்தால் அவர்கள் கம்பெனியின் எல்லா மெயிலிலும், "குட் மார்னிங்" மெயிலில்கூட, தானாக வந்து உட்காருகிறது. அதைப் போட்டால் எழுதியது எதுவும் கோர்ட்டுக்குப் போகாது என்று நம்புகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய. சமரசம் பேசும்போது, இதை சாட்சியாகக் காட்டக்கூடாது என்ற புரிதலோடு சொன்ன வார்த்தைக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. கையெழுத்து மாதிரி எல்லாவற்றுக்கும் அடியில் போட்டால் நீதிபதி அதை மதிப்பது கஷ்டம்.

டெபிட் நோட்டைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் இரண்டு கணக்கு இருக்கிறது. 640 ஜோடிக்கு, ஜோடிக்கு 2.25 அடி என்று அவர்களே கணக்குப் போட்டிருக்கிறார்கள்: 1,440 அடி, 118 ரூபாய் வீதம் 1,69,920. மிச்சம் 1,40,080 திரும்பத் தைத்த ஜோடிகளை விமானத்தில் அனுப்பிய செலவு. முதல் தொகை, குறை நிரூபணமானால், நியாயமான கேள்வி. இரண்டாவது வேறு. லேட்டானால் விமானத்தில் போகும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும் என்று ஆர்டர் போடும்போதே விற்றவருக்குத் தெரிந்திருந்தால்தான் கேட்க முடியும். ஆர்டர் மெயிலில் அப்படி ஒரு வரி கிடையாது. ஏஜென்ட் வாய்வழியாகச் சொன்னதாக ஒரு மெயில் ஜூலையில் வருகிறது. மாதங்கள் கழித்து வந்த ஞாபகத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, குறை நிரூபணமானால் தரவேண்டியது சுமார் 5,85,000. நிரூபணமாகாவிட்டால் 7,55,200. வட்டி தனி.

மூவரில் நீங்கள் யாரோ, அவருக்கு

விற்றவரானால்: ஒப்புக்கொண்ட 4,45,200-ஐ முதலில் தனியாகக் கேளுங்கள். வழக்கு போனாலும், எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகைக்கு மட்டும் முதலிலேயே தீர்ப்பு கேட்க சிவில் நடைமுறைச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு எழுதுவதும் உங்களுக்குச் சாதகம்; வாங்கியவர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருந்தாலும் உங்கள் யூனிட் எங்கே இருக்கிறதோ அந்தக் கவுன்சிலே விசாரிக்கலாம். கோர்ட்டுக்கே போவதென்றால் தொகை மூன்று லட்சத்துக்கு மேல் என்பதால் இது வணிக வழக்கு. அவசர இடைக்கால உத்தரவு தேவையில்லை என்றால், முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக மத்தியஸ்தத்துக்குப் போயாக வேண்டும். அதைத் தாண்டி நேராகப் போட்ட வழக்கு வாசலிலேயே திரும்பும்.

வாங்கியவரானால்: 4,45,200-ஐக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுவது நல்ல உத்தி என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மடங்கு விகிதத்தில் கூட்டு வட்டி ஓடும்போது அது உத்தி இல்லை, செலவு. சண்டை இல்லாத தொகையை, எதற்காகத் தருகிறோம் என்று எழுதியே கொடுத்துவிட்டால் சண்டை சின்னதாகும். "ஃபாரின் பார்ட்டி தந்ததும்" என்பது உங்களுக்கும் அந்தப் பார்ட்டிக்கும் உள்ள விஷயம். விற்றவர் அதற்குக் கட்டுப்பட்டதாகத் தொடரில் எங்கும் இல்லை.

ஏஜென்டானால்: பொதுவாக ஏஜென்ட் சொந்தப் பொறுப்பில் மாட்டுவதில்லை. ஆனால் ஆறாவது மெயிலில் "பணத்துக்கு நான் பொறுப்பு பாய், தைரியமா லோடு ஏத்துங்க" என்று இருக்கிறது. அதை நம்பித்தான் லாட் 2 ஏறியிருக்கிறது. சட்டத்தில் இதற்கு ஜாமீன் என்று பெயர் வைக்க ஒரு வக்கீலுக்குப் பத்து நிமிஷம் போதும். இந்தத் தொடரை மேற்கொண்டு யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாமல், உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள். இரண்டு பக்கத்தில் யாருடைய வக்கீலும் உங்களுக்கு உதவ முடியாது.

அடுத்த மெயில்

அந்த 900 அடிக்கு வருகிறேன். லாஸ்டிங்கில் கிரெய்ன் வெடிப்பதற்குத் தோல்காரர் பக்கமும் காரணம் இருக்கலாம்: எண்ணெய் போதாமல் தோல் விறைத்திருப்பது, ஃபினிஷ் கோட் கனமாக விழுந்திருப்பது, அதிகமாக உலர்த்தியது. அப்பர் கம்பெனிப் பக்கமும் இருக்கலாம்: ஈரப்பதம் ஏற்றாமல் அச்சில் மாட்டியது, மெஷின் சூடு அதிகம், இழுப்பு அதிகம். வெடித்த ஜோடியைப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. வெட்டாத தோலைப் பார்த்தால் ஓரளவு முடியும். லாஸ்டோமீட்டர் என்று ஒரு கருவி. வட்டமாக வெட்டிய தோலைப் பிடித்து, ஒரு குண்டால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போகும். எத்தனை மில்லிமீட்டர் எழும்பியதும் கிரெய்ன் விரிகிறது என்று குறிப்பார்கள். ஷூ அப்பருக்குப் பொதுவாக 7 மில்லிமீட்டராவது கேட்பார்கள். அதற்கு முன்பே விரிந்தால் தோல் மேல் சந்தேகம் உறுதியாகிறது. நன்றாகத் தாண்டினால் விரல் மெஷின் பக்கம் திரும்பும். ஏப்ரல் 16 மெயிலில் பேசிய டெஸ்ட் இதுதான். எட்டு மாதமாக யாரும் எடுக்கவில்லை. குடோனில் கிடக்கும் தோலும் காய்ந்துகொண்டே போகிறது. இன்னும் தள்ளினால் ரிசல்ட் யாருக்கும் பயன்படாது. ஏற்கெனவே ஆன தாமதத்தையே ஒரு பக்கம் குறையாகச் சொல்லும், அதற்கும் தயாராக இருங்கள்.

ஏஜென்ட் தவிர மற்ற இருவரில் யார் அனுப்பினாலும் கெடுதல் வராத மெயில் இது. ஏஜென்டுக்கு இப்படிக் கேட்கும் அதிகாரம் கிடையாது. உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள், அர்த்தத்தை மாற்ற வேண்டாம்:

"மார்ச் 19 லாட்டில் வெட்டாத 900 சதுர அடி உங்கள்/எங்கள் குடோனில் உள்ளது. இரு தரப்பு ஆட்களும் இருக்கும்போது அதிலிருந்து மூன்று தோல் எடுத்து, சீல் வைத்து, கையெழுத்திட்டு, ஒன்றை சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ.க்கு கிரெய்ன் விரிசல் சோதனைக்கு அனுப்பலாம். மற்ற இரண்டும் தரப்புக்கு ஒன்றாக இருக்கட்டும். செலவு இப்போது பாதிப்பாதி. 7 நாளுக்குள் தேதி சொல்லவும். மே 20 மெயிலில் குறிப்பிட்ட 4,45,200 இந்தச் சோதனைக்குக் கட்டுப்பட்டதல்ல."

கடைசி வரியை விற்றவர் சந்தோஷமாகச் சேர்ப்பார். வாங்கியவர் சேர்க்கத் தயங்கினால், தொகையை அனுப்பிவிட்டு அந்த வரியை எடுத்துவிடலாம். பழைய தொடருக்குப் பதிலாக இதைப் போடாதீர்கள். புது மெயிலாக, அடியில் எதுவும் ஒட்டாமல் அனுப்புங்கள்.

எனக்குத் திரும்ப எழுதுவதென்றால் முதல் வரியில் மூன்றே விஷயம்: நீங்கள் விற்றவரா, வாங்கியவரா, ஏஜென்டா, கம்பெனியில் உங்கள் பொறுப்பு என்ன, எதிர்ப்பக்கம் யார். மூன்றாவதைப் பார்த்ததும் என்னால் முடியாது என்று நான் சொன்னால் கோபிக்காதீர்கள், காரணம் கேட்காதீர்கள். அதுவரை தொடரை அனுப்ப வேண்டாம். நீங்கள் அனுப்பிய காப்பியை நான் அழித்துவிட்டேன்.